134 டிகிரியிலும் எஞ்சுவது எது?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். டர்பனில் ஒரு மருத்துவமனையின் கிருமி நீக்கப் பிரிவில் இருபது வருடமாக வேலை செய்கிறேன். போன மாதம் மூளை அறுவைக் கருவிகளின் செட் ஒன்று வந்தது. வழக்கம்போலக் கழுவி, நீராவி ஆட்டோகிளேவில் 134 டிகிரியில் போட்டு எடுத்தோம். சோதனைப் பட்டையும் நிறம் மாறியது. இரண்டு நாள் கழித்து, அந்த நோயாளிக்கு சி.ஜே.டி. என்று சந்தேகம், செட்டைத் தொடாதே, பூட்டி வை என்றார்கள். ஆட்டோகிளேவில் சாகாத கிருமி உண்டா ஐயா? இது வைரசா, வேறு எதுவுமா? கையுறை போட்டுத்தான் கழுவினேன். ஆனாலும் மனது அடித்துக்கொள்கிறது.
— வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

பூட்டி வைக்கச் சொன்னவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் இயந்திரத்திலும் உங்கள் வேலையிலும் குறை ஏதும் இல்லை. மற்ற விளக்கங்களுக்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். அந்த இரண்டு நாள் இடைவெளியில் அதே செட் வேறொரு நோயாளிக்குப் போயிற்றா என்பதை, செட்டின் எண்ணை வைத்துப் பதிவேட்டில் தேடுங்கள். போயிருந்தால் அந்தத் தகவல் இன்றைக்கே தொற்றுக் கட்டுப்பாட்டுப் பொறுப்பாளரிடம் சேர வேண்டும். போகவில்லை என்றால் பெரிய கவலை ஒன்று அங்கேயே தீர்ந்தது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆட்டோகிளேவில் சாகாத கிருமி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். சி.ஜே.டி. என்று சுருக்கமாக நாம் சொல்லும் குரோய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் என்னும், மூளையை அழிக்கும் நோயைக் கடத்துவது பாக்டீரியாவும் அல்ல, வைரசும் அல்ல, பூஞ்சையும் அல்ல. அது பிரியான் எனப்படும் ஒரு புரதம். அதற்கு உயிர் இல்லை; ஆகவே அதைக் கொல்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதன் உருவத்தைக் குலைக்க முடியுமா என்பதுதான் கேள்வி. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், உங்கள் பிரிவில் உள்ள முறைகள் ஒவ்வொன்றும் ஏன் இதனிடம் தோற்கிறது என்பது தானாகவே விளங்கிவிடும்.

முதலில் அந்தப் பட்டையைப் பற்றிச் சொல்கிறேன். நிறம் மாறும் பட்டை, வேண்டிய வெப்பமும் நீராவியும் வேண்டிய நேரத்துக்குப் பொருளின் மேல் பட்டன என்பதை மட்டுமே சொல்கிறது. அவ்வப்போது நீங்கள் உள்ளே வைத்து எடுக்கும் வித்துக் குப்பி இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் இருப்பது ஜியோபசிலஸ் ஸ்டியரோதெர்மோபிலஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள். ஈர வெப்பத்தைத் தாங்குவதில் நாம் அறிந்த உயிர்களுள் அவை முன்வரிசையில் நிற்பவை என்பதால், அவையே செத்துவிட்டால் மற்றவை எஞ்சியிருக்க வழியில்லை என்று கணக்கு வைத்திருக்கிறோம். 121 டிகிரியில் ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அவற்றின் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகக் குறைகிறது. பத்து லட்சம் வித்துகள் பன்னிரண்டு நிமிடத்தில் ஒன்றாகிவிடும். அதற்கு மேல் விடும் ஒவ்வொரு நிமிடமும் நம் பாதுகாப்புக்காகச் சேர்ப்பது. இந்தக் கணக்கு முழுவதும் உயிருள்ளவற்றுக்காகப் போடப்பட்டது. பிரியானைப் பற்றி அந்தக் குப்பியும் பட்டையும் ஒன்றுமே சொல்வதில்லை.

உயிரில்லாத ஒன்று எப்படித் தொற்ற முடியும் என்று உங்களுக்குத் தோன்றலாம். அறிவியல் உலகத்துக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்தச் சந்தேகத்தை முதலில் அளந்து பார்த்தவர் நம் நாட்டுப் பெண் என்பதைச் சொல்வதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. டிக்வா ஆல்பர் 1909இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். நம் டர்பன் நகரில் பள்ளியில் படித்து, கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்றார். நிறவெறிக் கொள்கையை வெளிப்படையாக எதிர்த்ததால் 1951இல் நாட்டை விட்டு இங்கிலாந்துக்குப் போக நேர்ந்தது. அங்கே கதிர்வீச்சு உயிரியலில் பணிபுரிந்தபோது, ஆடுகளுக்கு வரும் ஸ்க்ரேப்பி என்ற மூளைநோயின் காரணியை ஆராய எடுத்துக்கொண்டார். ஸ்க்ரேப்பி வந்த ஆடு உடம்பைக் கம்பத்திலும் வேலியிலும் உரசி உரசி, பிறகு தள்ளாடி விழுந்து செத்துப்போகும். சி.ஜே.டி.க்கு அது ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம்.

அவர் செய்தது எளிமையான, ஆனால் பொறுமை மிகவும் வேண்டிய சோதனை. ஸ்க்ரேப்பி கண்ட சுண்டெலியின் மூளைச் சாரத்தின்மேல் 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியைப் பாய்ச்சினார். மருத்துவமனை அறைகளில் கிருமி நீக்கத்துக்குத் தொங்கவிடும் ஊதா விளக்கின் ஒளியும் இதே அலைநீளம்தான். டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. என்னும் நியூக்ளிக் அமிலங்கள் இந்த ஒளியை நன்றாக உறிஞ்சிச் சிதைந்துபோகும். வைரஸ் என்பது புரத உறைக்குள் பொதிந்த நியூக்ளிக் அமிலம்தானே; ஆகவே வைரஸ்களை ஒழிக்கும் அளவு ஒளி இதையும் ஒழித்திருக்க வேண்டும். ஒழிக்கவில்லை. ஒளிபட்ட சாரத்தை ஊசியில் ஏற்றிய எலிகளுக்கு, மாதங்கள் கழித்து, நோய் வந்தே தீர்ந்தது. ஆற்றல் மிக்க எலக்ட்ரான் கற்றையால் தாக்கியபோது இன்னொன்றும் தெரிந்தது. குறி பெரிதாக இருந்தால் எறிந்த கல் எளிதில் படும், சிறிதாக இருந்தால் தவறிப்போகும் அல்லவா? எவ்வளவு கதிர் பாய்ந்தால் தொற்றுத் திறன் போகிறது என்பதிலிருந்து குறியின் அளவைக் கணக்கிட்டால், அது அறியப்பட்ட எந்த வைரசின் மரபுப்பொருளும் அடங்காத அளவுக்குச் சிறியதாக வந்தது. நியூக்ளிக் அமிலமே இல்லாமல் இது பெருகுகிறதா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து 1967இல் அவர் குழு கட்டுரை வெளியிட்டது. அதே ஆண்டில் கிரிஃபித் என்ற கணிதவியலாளர், ஒரு புரதம் தன் உருவத்தைத் தன் இனத்துப் புரதத்தின்மேல் சுமத்துவதாலேயே இப்படிப் பரவ முடியும் என்று எழுதினார்.

அந்தப் புரதத்தைப் பிரித்தெடுக்கப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. அமெரிக்க மருத்துவர் ஸ்டான்லி புரூசினர் 1982இல் வெளியிட்ட ஆய்வின் சாரம் இதுதான்: நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதிகளும் வேதிப்பொருள்களும் தொற்றுத் திறனைத் தொடவில்லை, புரதத்தைச் செரிக்கும் நொதிகளும், புரதத்தின் மடிப்பைக் குலைக்கும் வேதிப்பொருள்களும் அதைக் குறைத்தன. பிரியான் என்ற பெயரும் அப்போது அவர் வைத்ததுதான். 1997இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் என் மனத்தைக் கவர்ந்தவை அதற்குப் பிறகு வந்த இரண்டு கண்டுபிடிப்புகள். இந்தப் புரதத்துக்கான மரபணு எங்கே இருக்கிறது என்று 1985இல் தேடியபோது, அது நோய்க்காரணிக்குள் இல்லை, நோய் கண்ட விலங்கிலும் நோயில்லாத விலங்கிலும் ஒன்றுபோலவே இருக்கிறது என்று தெரிந்தது. நம் உடம்பிலும் அது 20ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதன் புரதம் உங்கள் மூளையிலும் என் மூளையிலும் இந்த நிமிடம் கேடின்றி இருக்கிறது. அடுத்து, அந்த மரபணுவை நீக்கி வளர்த்த சுண்டெலிகளுக்கு ஸ்க்ரேப்பிச் சாரத்தை மூளையிலேயே ஏற்றியும் நோய் வரவில்லை என்பது 1993இல் ஸூரிக்கில் காட்டப்பட்டது. மாற்றப்படுவதற்குச் சொந்தப் புரதம் இல்லாத உடம்பில் பிரியானால் எதுவும் செய்ய முடியவில்லை.

அந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பதைக் கற்கண்டு செய்வதைப் பார்த்தவர்களுக்கு எளிதில் சொல்லிவிடலாம். நன்றாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகு அசையாமல் இருக்கும்வரை தெளிவாகவே இருக்கும். கற்கண்டுத் துணுக்கு ஒட்டிய நூலை அதில் தொங்கவிட்டால், பாகில் கரைந்து கிடந்த சர்க்கரை அந்தத் துணுக்கின்மேல் அதே ஒழுங்கில் வந்து அடுக்கிக்கொண்டே போகும். துணுக்கு எதையும் பிரசவிக்கவில்லை. புதிய சர்க்கரையைப் படைக்கவும் இல்லை. ஏற்கெனவே இருந்த சர்க்கரைக்குத் தன் அடுக்கைக் கற்றுக்கொடுத்தது, அவ்வளவே. நம் இயல்பான புரதம் பெரும்பாலும் சுருள்களாகவும் நெகிழ்ந்த முனைகளாகவும் இருக்கிறது. பிரியானாக மாறியபோது அதே புரதம் தட்டையான மடிப்புகளாகி, ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி அடுக்கி, நார்போல நீள்கிறது. அந்த நாரின் முனை புதிய புரதத்தை ஏற்று அதையும் அதே மடிப்பில் மடக்குகிறது. நார் உடையும்போது முனைகள் இரண்டாகின்றன, நான்காகின்றன. ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் இது நடந்து, நரம்பணுக்கள் அழிந்து மூளை பஞ்சுபோலத் துளைகள் விழுந்த பிறகே வெளியே தெரிகிறது. வெளியிலிருந்து அந்நியர் யாரும் நுழையவில்லை என்று உடம்பு நினைப்பதால், காய்ச்சலோ எதிர்ப்பாற்றலின் வழக்கமான பதிலோ இருப்பதில்லை.

இப்போது உங்கள் துறைக்கு மிக அருகில் வரும் ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். ஸூரிக் நகரில் 1974இல் 69 வயதுப் பெண் ஒருவரின் மூளைக்குள் மெல்லிய வெள்ளி மின்முனைகளைச் செருகி மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். அவருக்கு இருந்தது சி.ஜே.டி. என்பது பிறகு தெரியவந்தது. அந்த மின்முனைகளை பென்சீனில் துடைத்து, 70 சதவீத ஆல்கஹாலில் வைத்து, ஃபார்மால்டிஹைடு ஆவியில் கிருமி நீக்கம் செய்தார்கள். அந்தக் காலத்து விதிகளின்படி அதில் குறை சொல்ல ஏதுமில்லை. அதே மின்முனைகள் பின்னர் வலிப்பு நோய்க்காக வந்த இரண்டு இளையவர்களின் மூளையில் வைக்கப்பட்டன. ஒருவருக்கு 23 வயது, மற்றவருக்கு 17. இரண்டு ஆண்டுக்குள் இருவருக்கும் சி.ஜே.டி. வந்தது. அந்த வயதில் இந்த நோய் வருவதே மிகமிக அரிது; ஒரே மின்முனையைத் தொட்ட இருவருக்கு வந்ததைத் தற்செயல் என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த மின்முனைகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள். கடைசிப் பயன்பாட்டுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, மூன்று முறை பென்சீன் கழுவலும் பலமுறை ஆல்கஹாலும் ஃபார்மால்டிஹைடு ஆவியும் கண்ட பிறகு, அவற்றை ஒரு சிம்பன்சியின் மூளையில் வைத்துப் பார்த்தார்கள். பதினெட்டு மாதத்தில் அதற்கும் நோய் வந்தது. 1994இல் வெளியான அந்த அறிக்கையை முதன்முறை படித்தபோது, ஆய்வகத்தில் நான் நாள்தோறும் கையாண்டு வந்த, ஃபார்மால்டிஹைடு கரைந்த ஃபார்மலின் ஜாடிகளை வேறு கண்ணால் பார்த்தேன். ஃபார்மலினில் கிடந்த திசு அபாயமற்றது என்று எங்களுக்குக் கற்றுத்தந்திருந்தார்கள்.

அந்த மூன்று முறைகளும் ஒவ்வொன்றாக எங்கே தவறின என்று பாருங்கள். பென்சீன் கொழுப்பைக் கரைக்கும். புரத நாருக்கு அதனால் கேடில்லை. ஆல்கஹால் புரதத்தின் நீரை உறிஞ்சி அதைத் திரளவைக்கும். பாக்டீரியா அதனால் சாகும், ஆனால் ஏற்கெனவே திரண்டு அடுக்கிக் கிடக்கும் பிரியான் இன்னும் கெட்டியாக உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். மூன்றில் மிக மோசமானது ஃபார்மால்டிஹைடுதான். அது புரதச் சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பாலங்கள் போட்டு, இருந்த உருவத்தில் அப்படியே இறுக்கிவிடும். நோயியலில் நாங்கள் அதைப் பயன்படுத்துவதே திசுவின் உருவம் கலையாமல் இருக்கத்தான். உருவமே தொற்றாக இருக்கும் ஒன்றுக்கு உருவத்தைக் காக்கும் மருந்தைக் கொடுத்தது போலாயிற்று. 1930களில் பிரிட்டனில் ஆட்டு மூளையும் தண்டுவடமும் சேர்த்துச் செய்த ஒரு தடுப்பூசி, ஃபார்மலின் கலந்தும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆடுகளுக்கு ஸ்க்ரேப்பியைக் கொண்டுபோன கதையும் இதே காரணத்தால் நடந்ததுதான். எத்திலீன் ஆக்சைடு வாயுவையும் எண்டோஸ்கோப்புக்குப் பயன்படும் குளூட்டரால்டிஹைடையும் இதே வரிசையில் வையுங்கள்.

ஆனால் நீங்கள் பயன்படுத்தியது வெப்பம். வெப்பம் புரதத்தின் மடிப்பைத்தானே குலைக்கும், பிறகு ஏன் போதவில்லை என்று கேட்கலாம். முட்டையை நினைத்துப் பாருங்கள். வெந்நீரில் போட்டால் நெகிழ்ந்த வெள்ளைக்கரு மடிப்பு அவிழ்ந்து, ஒன்றோடொன்று பின்னி, கெட்டியாகிறது. வெந்து முடிந்த முட்டையை மறுபடி ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தாலும் அது திரும்ப இளகுவதில்லை. சாதாரணப் புரதத்தை வெப்பம் கொண்டுபோய்ச் சேர்க்கும் திரள்நிலையை ஒத்த ஓர் அடுக்கில், ஆனால் அதைவிட மிக ஒழுங்காக, பிரியான் ஏற்கெனவே அமர்ந்திருக்கிறது. அதைக் குலைக்க வெப்பத்தோடு நீரும் நாரின் இடுக்குகளுக்குள் புக வேண்டும். திசு காய்ந்துபோயிருந்தால் நீராவி உள்ளே போய்ச் சேருமுன்பே வெளிப்புறம் வெந்து இறுகிவிடுகிறது. அடிப்பிடித்த பால் பாத்திரத்தைத் தேய்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இதனால் வரும் விளைவு மிக முக்கியமானது. வித்துகளைப் போல இது நேர்க்கோட்டில் குறைந்துகொண்டே போவதில்லை. முதல் சில நிமிடங்களில் தொற்றுத் திறன் வேகமாக விழுகிறது. பிறகு ஒரு சிறு பகுதி அசையாமல் நின்றுவிடுகிறது. நோய் கண்ட வெள்ளெலியின் மூளையில் ஒரு கிராமுக்கு நூறு கோடி அளவில் தொற்று அலகுகள் இருக்கும். ஒரு மில்லிகிராம் துணுக்கு, அதாவது கடுகில் பாதிகூட இல்லாத ஒரு பொட்டு, கருவியில் ஒட்டியிருக்கிறது என்று வையுங்கள்; அதில் பத்து லட்சம் அலகு. ஆட்டோகிளேவ் அதைப் பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறைத்தாலும் நூறு அலகு எஞ்சுகிறது. பாக்டீரியாவாக இருந்தால் இன்னும் நான்கு நிமிடம் விட்டால் முடிந்தது என்போம். இங்கே அந்த நூறு, தட்டையாகிவிட்ட கோட்டின் வால். நேரத்தை இரட்டிப்பாக்கினால் பாதியாகும் என்ற கணக்கு அதற்குப் பொருந்தாது. நோய் கண்ட மூளைக் கூழை 134 முதல் 138 டிகிரியில் 18 நிமிடம் வைத்த சோதனைகளிலும் தொற்றுத் திறன் எஞ்சியதுண்டு. வெப்பத்தை இன்னும் கூட்டிவிட்டால் போதும் என்ற எண்ணமும் சரியல்ல. நோய் கண்ட மூளைத் திசுவை 600 டிகிரியில் சாம்பலாக்கிய பிறகும் சில விலங்குகளுக்கு நோய் வந்ததாக 2000இல் ஓர் ஆய்வு வெளிவந்தது.

உலோகத்தின் பங்கையும் இங்கே சொல்ல வேண்டும். ஸூரிக் ஆய்வாளர்கள் மெல்லிய எவர்சில்வர் கம்பிகளை நோயுற்ற சுண்டெலி மூளையில் ஐந்தே நிமிடம் வைத்து எடுத்து, நன்றாகக் கழுவி, வேறு சுண்டெலிகளின் மூளையில் வைத்தார்கள். அவற்றுக்கு நோய் வந்தது. பத்து சதவீத ஃபார்மால்டிஹைடில் ஒரு மணி நேரம் ஊறிய கம்பியும் நோயைத் தந்தது. சோடியம் ஹைட்ராக்சைடில் ஒரு மணி நேரம் ஊறியது தரவில்லை. கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத பளபளப்பான கம்பி அது. உங்கள் மேசையில் இருக்கும் ஒரு ஆர்ட்டரி ஃபோர்செப்ஸைக் கையில் எடுத்து, அதன் இரண்டு கைகளும் குறுக்கிடும் மூட்டை வெளிச்சத்தில் திறந்து மூடிப் பாருங்கள். தூரிகை போகாத அந்த இடுக்கும், கவ்வும் முனையின் பற்களுக்கு நடுவே இருக்கும் பள்ளமும், உறிஞ்சுகுழலின் உட்சுவரும்தான் கவலைக்குரிய இடங்கள். அறுவை முடிந்து செட் உங்களிடம் வர இரண்டு மணி நேரம் ஆகி, அதற்குள் ரத்தமும் திசுவும் காய்ந்துவிட்டால், அதன்பின் செய்யும் எதுவும் பாதிப் பயன்தான் தரும். காயவிடாமல் ஈரத்துணி மூடி அனுப்புங்கள் என்று அறுவை அரங்குக்கு நீங்கள் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! பிரியான் விஷயத்தில் வேறெந்த விதியையும்விட அது முதன்மையானது.

அப்படியானால் எது வேலை செய்கிறது? உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் கூட்டிய நிபுணர் குழு வகுத்த வழிமுறைகள்தான் இன்றும் பல மருத்துவமனைகளின் விதிகளுக்கு அடிப்படை. அந்தப் பட்டியலின் தலையில் இருப்பது கருவிகளை எரித்துவிடுவது. எரிக்க முடியாத, வெப்பம் தாங்கும் கருவிகளுக்கு, லிட்டருக்கு 40 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது நம் ஊரில் காஸ்டிக் சோடா என்று அழைக்கும் காரம், அதன் கரைசலில் மூழ்கவைத்து அப்படியே 121 டிகிரியில் 30 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்வது. அல்லது அந்தக் கரைசலிலோ 20,000 பி.பி.எம்., அதாவது இரண்டு சதவீதம், குளோரின் தரும் ஹைப்போகுளோரைட்டிலோ ஒரு மணி நேரம் ஊறவைத்து, அலசி, பிறகு ஆட்டோகிளேவ் செய்வது. காரம் புரதத்தைப் பிணைத்து வைத்திருக்கும் மின்சுமைகளைப் புரட்டி, அடுக்கைத் தளர்த்தி, சங்கிலியையே அறுக்கிறது. அதன் பிறகு வரும் வெப்பத்துக்குப் பிடி கிடைக்கிறது. 134 டிகிரியில் 18 நிமிடம் என்ற தனி வெப்ப முறை அதே பட்டியலின் கடைசியில்தான் இருக்கிறது; நீங்கள் ஓட்டிய வழக்கமான சில நிமிடச் சுற்று அதில் இல்லவே இல்லை.

ஹைப்போகுளோரைட் என்றவுடன் நம் வீடுகளில் ஜிக் என்று சொல்லும் வெளுப்பு நீர் நினைவுக்கு வரும். புட்டியில் அதன் வலிமை 3.5 சதவீதம். வார்டில் தரை துடைக்க ஒன்றுக்குப் பத்தாகக் கலக்கும்போது ஏறத்தாழ 3,500 பி.பி.எம். ஆகிறது, தேவையானதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. திறந்து பல வாரம் ஆன புட்டியாக இருந்தால் இன்னும் குறைவு. 20,000 பி.பி.எம். வலிமை எவர்சில்வர் கருவியில் குழிகள் விழவைக்கும் என்பதால், கருவிகளுக்கு நான் காரத்தையே சொல்வேன்; மேசைக்கும் கொட்டிய இடத்துக்கும் வெளுப்பு நீர் பொருந்தும். ஹைப்போகுளோரைட்டை ஒருபோதும் ஆட்டோகிளேவுக்குள் வைக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். உங்கள் செட் பெட்டிகளில் பல அலுமினியம் என்பதை மறக்க வேண்டாம். காரக் கரைசலை மூடியுள்ள எவர்சில்வர் தட்டில் மட்டுமே, அதற்குப் பயிற்சி பெற்றவர் முன்னிலையில், உங்கள் மருத்துவமனையின் எழுத்து மூலமான விதியோடு மட்டுமே செய்ய வேண்டும். இதைத் தனியாக முயன்று பார்க்க வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். கண்ணில் தெறித்த காரம் பார்வையைப் பறித்துவிடும்.

உங்கள் செட் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. அது ஏற்கெனவே சூடுபட்டது. எஞ்சிய பொட்டு ஏதாவது இருந்தால் அது இப்போது வெந்து ஒட்டியிருக்கும். ஆகவே அதை மீட்க முயல்வதற்கு முன்னால் நோய் உறுதியாகக் காத்திருப்பதே முறை. கெட்டியான, கசியாத பெட்டியில் முத்திரையிட்டு, செட்டின் எண், அறுவை நடந்த நாள், உங்கள் பிரிவுக்கு வந்த நாள், ஆட்டோகிளேவ் சுற்றின் எண் ஆகியவற்றை அதன்மேல் எழுதிவையுங்கள். வேறு செட்டுக்குக் கடன் போன கருவி ஏதாவது அதிலிருந்து எடுக்கப்பட்டதா என்றும் பாருங்கள். தனித்தனிக் கருவிகள் இடம் மாறுவதுதான் இத்தகைய தேடல்கள் பொய்த்துப்போகும் வழி. இயந்திரத்தில் கழுவியிருந்தால், அதைக் காலியாக ஒரு முழுச் சுற்று ஓட்டிவிட்டு வழக்கமான வேலைக்குத் திரும்பலாம்.

நோயை உறுதி செய்ய இப்போது நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. நோயாளியின் முதுகுத்தண்டு நீரில் ஒரு துளியை, ஆய்வகத்தில் தயாரித்த இயல்பான பிரியான் புரதக் கரைசலில் விட்டு, குலுக்கிக் குலுக்கி வைப்பார்கள். துளியில் கற்கண்டுத் துணுக்கு போன்ற அந்தத் தவறான மடிப்பு இருந்தால், கரைசலில் உள்ள புரதம் முழுவதும் அடுக்கி நாராகி, சேர்த்திருக்கும் சாயம் ஒளிரத் தொடங்கும். ஆர்.டி.-குயிக் என்று பெயர். நோயைப் பரப்பும் அதே இயக்கத்தையே நோயைக் காட்டச் செய்திருக்கிறார்கள். ஒளிர்ந்தால் ஏறக்குறைய ஐயமே இல்லை. ஒளிராவிட்டால் மட்டும் நோய் இல்லை என்று முடிவு செய்துவிட முடியாது, ஏனெனில் நோய் இருந்தும் சிலருக்கு ஒளிர்வதில்லை. அப்போது நரம்பியல் மருத்துவர் மற்றப் பரிசோதனைகளோடு சேர்த்துத்தான் தீர்மானிப்பார். வேறு நோய் என்று உறுதியானால் செட் வழக்கமான சுழற்சிக்குத் திரும்பும். சி.ஜே.டி. என்று உறுதியானால் எரிப்பதற்கே அனுப்பும்படி நான் சொல்வேன். செட்டின் விலை எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மூட்டுள்ள, குழலுள்ள, ஏற்கெனவே சூடுபட்ட கருவியைக் காரத்தில் ஊறவைத்து, இது தூய்மை என்று கையெழுத்திட எனக்குத் துணிவு வராது.

இனி உங்களைப் பற்றி. இந்த நோய் மூச்சாலோ தொடுவதாலோ பரவுவதில்லை. காயமில்லாத தோலின்மேல் பட்டு அது நுழைந்ததாகச் சான்று இல்லை. மருத்துவமனை ஊழியர்களிடம் இது மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது என்றும் காணப்படவில்லை. ஸூரிக் சம்பவத்தில் நோய் வந்தது மின்முனை மூளைக்குள்ளேயே போனவர்களுக்கு. அவற்றைக் கழுவிக் கையாண்டவர்களுக்கு அல்ல. அறுவைக் கருவியால் இது பரவியதாக உலக அளவில் பதிவான நிகழ்வுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை, அவை எல்லாமே 1970களின் நடுப்பகுதிக்கு முற்பட்டவை. அன்று கையுறை கிழிந்ததா, முனை குத்தியதா, கண்ணில் தெறித்ததா என்று நினைத்துப் பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் உங்களுக்குச் சோதனை ஏதும் தேவையில்லை, வீட்டாரிடமிருந்து விலகி இருக்கவும் வேண்டாம், சமையலறையில் தனிப் பாத்திரமும் வேண்டாம். அவற்றில் ஒன்று நடந்திருந்தால், அன்றைய நாளையும் நடந்த விதத்தையும் பணியாளர் நலப் பிரிவின் விபத்துப் பதிவேட்டில் எழுத்தில் பதியச் சொல்லுங்கள். இனி அப்படிக் குத்தினால், அழுத்தித் தேய்க்காமல் ரத்தம் தானாக வரவிட்டு, வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, அதே நாளில் பதிவு செய்யுங்கள். கண்ணில் தெறித்தால் நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட்டுப் பதிவு செய்யுங்கள்.